வழுக்கும் ஏணி சுவரை விடும் இடம்

பதினொன்றாம் வகுப்பில் திண்மப் பொருட்களின் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்த ஏணி வழுக்கி விழுவதைக் கரும்பலகையில் மூன்று படங்களாக வரைந்தேன். நிமிர்ந்த ஏணி, பாதி சாய்ந்த ஏணி, கிட்டத்தட்டப் படுத்துவிட்ட ஏணி. மூன்றிலும் ஏணியின் தலை சுவரைத் தொட்டபடியே இருந்தது. எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். திருவிடந்தையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "சார், ஏணி அப்படி விழாது" என்றாள்.

அவளுடைய அப்பா வர்ணம் பூசும் தொழிலாளி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புதிது புதிதாக எழும் வீடுகளில் அவருக்கு வேலை. மண் தரையில் ஏணியின் கால் புதைந்து நின்றுகொள்ளும். டைல்ஸ் தரையில் நிற்காது. ஒரு நாள் ஆள் ஏறும் முன்பே ஏணி வழுக்கி விழுந்திருக்கிறது. "புதுசா அடிச்ச சுவத்துல ஏணி உரசின கோடு விழுந்துடுச்சு சார். ஆனா அது தரை வரைக்கும் வரல. நடுவுலயே நின்னுடுச்சு. அதுக்குக் கீழ பெயிண்ட் அப்படியே இருந்துச்சாம், அப்பா சொன்னாரு."

அந்தக் கோடு ஏன் நடுவில் நின்றது, எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரை. கணக்கு எளிதாக இருக்க, சுவரிலும் தரையிலும் உராய்வே இல்லை என்று கொள்வோம். உண்மையான டைல்ஸ் தரையில் உராய்வு உண்டு. அதன் விளைவைப் பிறகு பார்க்கலாம்.

சுவரால் என்ன முடியாது?

சுவர் ஏணியைத் தள்ளும், ஒருபோதும் இழுக்காது. ஏணியின் தலையில் பசை எதுவும் இல்லை. இந்தக் கணக்கு முழுவதும் இந்த ஒரே செய்தியின் மேல்தான் நிற்கிறது.

தரை உராய்வற்றது. ஆகவே ஏணியின் மீது கிடைமட்டத் திசையில் செயல்படும் ஒரே விசை சுவரின் தள்ளுவிசைதான். புவியீர்ப்பு கீழ்நோக்கியும் தரையின் விசை மேல்நோக்கியும் உள்ளன. இரண்டுக்கும் கிடைமட்டக் கூறு கிடையாது. எனவே ஏணியின் நிறை மையம் சுவரை விட்டு விலகும் கிடைமட்ட வேகம் கூடலாம், அல்லது மாறாமல் இருக்கலாம். குறைய வழியே இல்லை. குறைய வேண்டுமானால் யாராவது ஏணியைச் சுவர்ப்பக்கம் இழுக்க வேண்டும்.

இனி ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஏணியின் தலை சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குவதாக வைத்துக்கொண்டால், நிறை மையத்தின் கிடைமட்ட வேகம் எப்படி மாறியாக வேண்டும்? அந்த வேகம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்குமானால், உச்சம் தொடும் இடமே ஏணி சுவரை விடும் இடம்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதைக் கணக்கு எதுவும் போடாமலே மாணவர்களிடம் கேட்டுப் பெறலாம். தொடக்கத்தில் ஏணி ஓய்வில் இருக்கிறது, கிடைமட்ட வேகம் பூச்சியம். தலை சுவரைத் தொட்டபடியே தரைக்கு வந்துவிட்டால், அந்தக் கணத்தில் ஏணி தரையில் படுத்திருக்கும். தலை நேர் கீழாக மட்டுமே நகரும். விறைப்பான ஏணியில் காலும் அப்போது வெளியே நகர முடியாது. ஆகவே முடிவிலும் கிடைமட்ட வேகம் பூச்சியமாக வேண்டும். பூச்சியத்தில் தொடங்கிப் பூச்சியத்தில் முடியும் வேகம் இடையில் எங்கோ உச்சம் தொட்டுத்தானே தீரும்? பிற்பாதியில் அதைக் குறைக்கச் சுவர் இழுக்க வேண்டும். சுவரால் அது முடியாது. ஆகவே ஏணி தரையைத் தொடும் முன்பே சுவரை விட்டாக வேண்டும். பெயிண்ட் கோடு நடுவில் நின்றதன் காரணம் இவ்வளவுதான். எவ்வளவு உயரத்தில் என்பதற்குத்தான் சமன்பாடு வேண்டும்.

உயரத்தைக் காண்போம்

ஏணியின் நீளம் L, நிறை m. நிறை சீராகப் பரவியுள்ளது. தலையின் தொடக்க உயரம் H, ஏதேனும் ஒரு கணத்தில் உயரம் h. தரையுடன் ஏணி அமைக்கும் கோணம் θ என்றால் h = L sin θ.

சுவரும் தரையும் சேரும் மூலையை O என்க. O, ஏணியின் கால், ஏணியின் தலை மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். ஏணி அதன் கர்ணம். கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று முனைகளிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் என்பது மாணவர்கள் முன்பே படித்தது. ஆகவே தொடர்பு நீடிக்கும் வரை நிறை மையம் O-வை மையமாகக் கொண்டு L/2 ஆரமுள்ள வட்டத்தில் நகர்கிறது. ஏணி எந்தக் கோண வேகம் ω உடன் சாய்கிறதோ, அதே அளவு கோண வேகத்தில் நிறை மையமும் O-வைச் சுற்றுகிறது. சுற்றும் திசை மட்டும் எதிர். இங்கே மாணவர்கள் தயங்குவார்கள். ஓர் அளவுகோலைப் புத்தகத்தின் இரு அட்டைகளுக்கிடையே சாய்த்து நகர்த்திக் காட்டினால் போதும்.

நிறை மையத்தின் வேகம் (L/2)ω. நடுப்புள்ளி வழிச் செல்லும் அச்சைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறன் mL²/12. இழந்த நிலை ஆற்றல் mg(H − h)/2, ஏனெனில் நிறை மையம் தலை இறங்குவதில் பாதி அளவே இறங்குகிறது. ஆற்றல் மாறா விதிப்படி:

mg(H − h)/2 = ½ m (L/2)² ω² + ½ (mL²/12) ω² = mL²ω²/6

ω² = 3g(H − h)/L²

நிறை மையத்தின் கிடைமட்ட வேகம் v = (L/2) ω sin θ, அதாவது v = hω/2. எனவே:

v² = (3g/4L²) × h²(H − h)

நமக்குத் தேவையானது h²(H − h) எப்போது பெருமம் என்பது மட்டுமே. வகையீடு இன்னும் வராத வகுப்பென்றால் H = 9 என்று வைத்து எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். h = 9 என்றால் 0; 8 என்றால் 64; 7 என்றால் 98; 6 என்றால் 108; 5 என்றால் 100; 4 என்றால் 80. ஆறில் உச்சம். வகையீடு தெரிந்தவர்கள் 2hH − 3h² = 0 என்று ஒரே வரியில் முடிப்பார்கள். கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி படித்தவர்களுக்கு இன்னும் அழகான வழி உண்டு. h/2, h/2, H − h ஆகிய மூன்றின் கூடுதல் எப்போதும் H. கூடுதல் மாறாத மூன்று எண்களின் பெருக்கல் அவை சமமாக இருக்கும்போதே பெருமம். எப்படிச் செய்தாலும்:

h = 2H/3

தலை தொடக்க உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கியதும் ஏணி சுவரை விடுகிறது. m, L, g எதுவும் விடையில் இல்லை.

ஓர் ஏணியை முழுவதும் பின்தொடர்வோம்

5 மீட்டர் ஏணி, கால் சுவரிலிருந்து 3 மீட்டர், தலை 4 மீட்டர் உயரத்தில். (இவ்வளவு சாய்த்து எந்தப் பெயிண்டரும் ஏணி வைக்க மாட்டார், 3, 4, 5 வசதிக்காக வைத்துக்கொள்கிறோம்.) ஏணி சுவரை விடும் உயரம் 8/3, அதாவது 2.67 மீட்டர். சுவரில் கோடு விழும் நீளம் 1.33 மீட்டர் மட்டுமே.

அந்தக் கணத்தில் ω² = 3 × 9.8 × 1.333/25 = 1.568, ω = 1.25 ரேடியன்/விநாடி. காலின் வேகம் hω, அதாவது 3.34 மீ/வி. நிறை மையத்தின் கிடைமட்ட வேகம் அதில் பாதி, 1.67 மீ/வி. இதற்குப் பிறகு கிடைமட்ட விசை எதுவும் இல்லாததால் இந்த 1.67 தரையில் படும் வரை மாறாது.

ஏணி தரையைத் தொடும்போது தலை என்ன வேகத்தில் மோதும்? இங்குதான் பல விடைத்தாள்களில் பிழை வருகிறது. ω² சூத்திரத்தில் h = 0 என்று போட்டு, தலையின் வேகம் √(3gH) = 10.84 மீ/வி என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் தலை சுவரைத் தொடும் வரைதான் செல்லும். விட்ட பிறகு ஆற்றலை மீண்டும் எழுத வேண்டும். ஏணி படுக்கும் கணத்தில் மொத்த இயக்க ஆற்றலில் ½m(1.67)² கிடைமட்ட ஓட்டத்துக்கே போய்விட்டது, மீதிதான் சாய்வதற்கும் கீழிறங்குவதற்கும்:

½ m (L²/3) ω² = mgH/2 − ½ m v²

(25/3) ω² = 39.2 − 2.79, ω = 2.09 ரேடியன்/விநாடி

தலை தரையில் மோதும் செங்குத்து வேகம் 5 × 2.09, சுமார் 10.45 மீ/வி. பிழையான விடைக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவுதான். ஆனால் இன்னொன்றைக் கவனிக்கலாம். 4 மீட்டர் உயரத்திலிருந்து தானாக விழும் கல் 8.85 மீ/வி வேகத்தில்தான் தரையைத் தொடும். ஏணியின் தலை அதைவிட வேகமாக விழுகிறது. ஏணியின் கீழ்ப்பகுதி மெதுவாக இறங்குவதால் மிஞ்சும் ஆற்றல் தலைக்குப் போகிறது. "ஏணியைப் பிடித்துக்கொண்டே விழுவதைவிடக் குதிப்பது மேலா?" என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மேல் படியில் நிற்பவர் விஷயத்தில் அவருடைய நிறையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்த எண்ணை அப்படியே அவருக்குப் பொருத்தக்கூடாது.

விடை சரி, வழி தவறு

இந்தக் கணக்கைத் தேர்வில் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுழற்சி இயக்க ஆற்றலை அடியோடு மறந்துவிட்ட மாணவருக்கும் 2H/3 கிடைக்கும்! நிலைமத் திருப்புத்திறனை mL²/12 என்பதற்குப் பதில் mL²/3 என்று எழுதியவருக்கும் அதே விடைதான். காரணம், v² கோவையின் முன்னால் நிற்கும் மாறிலி மட்டும் மாறுகிறது. h²(H − h) மாறுவதில்லை. நிறை மையம் சரியாக நடுவில் இருக்கும் வரை நிறை எப்படிப் பரவியிருந்தாலும் விடை மூன்றில் இரண்டுதான். ஏணியின் நடுப்படியில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கட்டிவிட்டாலும் மாறாது. மேல் படியில் கட்டினால் மாறிவிடும். அப்போது நிறை மையம் வட்டத்தில் நகராது.

ஆகவே உயரத்தை மட்டும் கேட்டால் யார் புரிந்து எழுதினார், யார் தற்செயலாக எழுதினார் என்று திருத்துபவருக்குத் தெரியாது. கூடவே இதையும் கேளுங்கள்: சுவரை விடும் கணத்தில் தரை ஏணியை எவ்வளவு விசையுடன் தாங்குகிறது?

இதன் விடை நேர்த்தியானது. ω² சமன்பாட்டை வகையிட்டால் கோண முடுக்கம் α = (3g/2L) cos θ. சுவரின் விசை பூச்சியமாகும் அந்தக் கணத்தில், நிறை மையத்தைப் பொறுத்துத் திருப்பு விசை தருவது தரையின் விசை R ஒன்றுதான்:

R (L/2) cos θ = (mL²/12)(3g/2L) cos θ

R = mg/4

எடையில் சரியாகக் கால் பங்கு. எந்த உயரத்திலிருந்து தொடங்கினாலும் இதே விடைதான். சுழற்சியை மறந்தவருக்கு இங்கே பூச்சியம் வரும். mL²/3 எழுதியவருக்கு mg/4 வராது. தரையின் விசை நேர்குறியில் இருப்பதால் கால் தரையை விட்டு எழும்பவில்லை என்பதும் உறுதியாகிறது.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரு மீட்டர் அளவுகோலை அப்படியே சுவரில் சாய்த்தால் உராய்வு நம்மை ஏமாற்றும். பல கோணங்களில் அது வழுக்கவே வழுக்காது. பொம்மைக் காரின் சிறிய சக்கரங்களை இரு முனைகளிலும் பொருத்துங்கள். கண்ணாடி போட்ட அலமாரிக் கதவு நல்ல சுவர். அதன் மேல் வெள்ளைத் தாளை இழுத்து ஒட்டி, மேல்முனைச் சக்கரத்தில் முத்திரை மை தடவி, தலை 80 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் விடுங்கள். தாளில் விழும் மைத்தடம்தான் அந்தப் பெயிண்ட் கோடு. உராய்வே இல்லையெனில் அது 53 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும்.

சரியாக 53-ல் நிற்கும் என்று மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சக்கரங்களுக்கும் உராய்வு உண்டு, எடையும் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுவரின் விசை ஒரே நொடியில் அறுந்து போவதில்லை. மெல்ல மெல்லக் குறைந்து பூச்சியத்தைத் தொடுகிறது. அதனால் மைத்தடம் முடிவுக்குச் சற்று முன்பே மங்கத் தொடங்கும்.

செல்பேசியின் மெதுவேகக் காணொளியில் இதற்கு நேர்மாறான பிழை வரும். ஏணி சுவரை விட்ட பிறகு இடைவெளி மிக மெதுவாகத்தான் திறக்கிறது. விடும் கணத்தில் இடைவெளி மட்டுமல்ல, அது கூடும் வேகமும் பூச்சியம், முடுக்கமும் பூச்சியம். மேற்சொன்ன மீட்டர் அளவுகோலுக்கு, சுவரை விட்டதிலிருந்து தரையில் படுவதற்குச் சுமார் 0.15 விநாடி ஆகும். அதில் பாதி நேரம் கழிந்த பின்னும் இடைவெளி அரை சென்டிமீட்டரை எட்டாது. தரையில் படும்போது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். எனவே கண்ணுக்கு, அளவுகோல் உண்மையைவிடத் தாழ்வான இடத்தில் சுவரை விட்டதுபோலவே தோன்றும். உயரத்தை மைத்தடத்தில் பாருங்கள். காணொளியில் அந்த இறுதி இடைவெளியைப் பாருங்கள். அளவுகோல் தரையில் படும் கணத்தில் அதன் தலை சுவரைத் தொடாமல் விலகிக் கிடப்பதே மாணவர்கள் நம்பும் சான்று.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் ஏணி

நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளில் ஓர் ஏணி வருகிறது. 17 மீட்டர் நீளம். அதன் கால் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் சுவரை விட்டு இழுக்கப்படுகிறது. கால் 8 மீட்டர் தொலைவில் இருக்கும்போது தலை இறங்கும் வேகம் என்ன? விடை 8/3 மீ/வி. கூர்மையான மாணவர் அடுத்து ஒன்றைக் கேட்பார்: கால் 17 மீட்டரை நெருங்கும்போது அதே சூத்திரம் தலையின் வேகம் முடிவிலி என்கிறதே?

இந்த ஏணி தானாக வழுக்கவில்லை, சீரான வேகத்தில் இழுக்கப்படுகிறது. ஆகவே மூன்றில் இரண்டு இங்கே பொருந்தாது. ஆனால் சுவர் இழுக்காது என்ற அதே செய்தி பொருந்தும். சீரான வேகத்தில் நகரும் காலோடு நாமும் நகர்ந்து பார்த்தால், கால் நிலையாக இருக்கிறது. ஏணி அதைக் கீலாகக் கொண்டு சாய்கிறது. சுவரே இல்லாவிட்டால் அதன் கோண முடுக்கம் (3g/2L) cos θ, அதாவது 3gx/2L². இங்கு x என்பது கால் சுவரிலிருந்து உள்ள தொலைவு. தலை சுவரை ஒட்டியே இறங்க வேண்டுமானால், ω = u/h என்பதிலிருந்து, தேவைப்படும் கோண முடுக்கம் u²x/h³; u என்பது இழுக்கும் வேகம். சுவரின் தள்ளுவிசையால் சாய்வதைத் தாமதப்படுத்த மட்டுமே முடியும், விரைவுபடுத்த முடியாது. தேவைப்படுவது, தானாகக் கிடைப்பதை மிஞ்சும் இடத்தில் தலை சுவரை விட்டுவிடும்:

h³ = 2u²L²/3g = 2 × 25 × 289/29.4 = 491.5

h = 7.89 மீட்டர்

அப்போது கால் 15.06 மீட்டர் தொலைவில் இருக்கும். தலை இறங்கும் வேகம் சுமார் 9.5 மீ/வி. முடிவிலிக்குப் போக அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. பாடநூல் கேட்பது கால் 8 மீட்டரில், தலை 15 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணத்தை. அங்கே ஏணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. 8/3 சரியான விடை. அதே கேள்வியில் 8-க்குப் பதில் 16 மீட்டர் என்று மாற்றிக் கேட்டால் சூத்திரம் 13.9 மீ/வி என்று ஒரு விடை தரும். ஆனால் அந்த நேரத்தில் ஏணியின் தலை சுவரில் இருக்காது.